ஈர்ப்பலையை வாய்மொழியாக விளக்க: இரண்டு சாலைகள், ஒரு வாசல்

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் ஆகிய இரண்டு ஊர்களில் இருக்கும் லைகோ என்ற ஆய்வு நிலையங்கள், இரண்டு கருந்துளைகள் மோதியதில் எழுந்து, விண்வெளியையே நீட்டிச் சுருக்கியபடி பரவிய ஓர் ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. 2016 பிப்ரவரி 11 அன்று அதை உலகத்துக்கு அறிவித்தார்கள். இயற்பியல் படிக்காதவர்களுக்கு இந்த முடிவை நேரில் விளக்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. கரும்பலகையும் திரையும் இல்லாத இடங்களில், வெறும் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு விளக்கியிருக்கிறேன். அப்படிப் பேசிப் பேசி எனக்குப் பிடிபட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

கேட்பவர்கள் தடுமாறும் இடம் கருந்துளை அல்ல. "ஒளிகூட வெளியே வர முடியாத அளவுக்கு அடர்த்தியான பொருள்" என்றால் தலையாட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றி, நெருங்கி, மோதி ஒன்றாகிவிட்டன என்பதையும் எளிதாக ஏற்றுக்கொள்வார்கள். தடுமாற்றம் எல்லாம் அளவீட்டில்தான் வருகிறது. எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள், அது வேறு ஏதோ ஒன்று இல்லை என்று எப்படித் தெரியும்? என் பேச்சில் பாதிக்கு மேல் இந்த மூன்றுக்கே போகும். ஐன்ஸ்டைன் 1916-லேயே இந்த அலைகளைப் பற்றிச் சொல்லிவிட்டார் என்பதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவேன்.

முதலில் ஒரு வாக்கியத்தைத் தீர்மானித்துக்கொள்வேன். கேட்டவர் வீட்டுக்குப் போய் இன்னொருவரிடம் சொல்லக்கூடிய வாக்கியம் அது. "ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும் இரண்டு நீளங்களுக்கு இடையிலான வித்தியாசம், ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்கு, நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாகக் கூடிக் குறைந்தது. அதை அளந்தார்கள்." கண்டறிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இந்த வாக்கியத்தைப் புரியவைக்கவும், நம்பவைக்கவும்தான்.

இதை விளக்கப் பெரும்பாலும் எடுத்தாளப்படும் உவமை ரப்பர் விரிப்பு. இழுத்துக் கட்டிய விரிப்பின் நடுவில் கனமான குண்டை வைத்தால் பள்ளம் விழும், அதுதான் ஈர்ப்பு என்பார்கள். படமாகப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வாய்ப்பேச்சில் அதை நான் தொடுவதே இல்லை. யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "குண்டு கீழே அமுங்குறதுக்கே ஈர்ப்புதானே காரணம்? அப்ப ஈர்ப்பை ஈர்ப்பை வச்சே விளக்குறீங்களா?" சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இறங்கினால் அரை மணி நேரம் போய்விடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்த உவமை ஈர்ப்பு என்றால் என்ன என்பதைத்தான் பேசுகிறது. நாம் விளக்க வந்தது ஓர் அளவீடு. உவமையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: சொல்ல வந்த முடிவில் எந்தக் கண்ணி கடினமோ, உவமை அந்தக் கண்ணியின் மேல் உட்கார வேண்டும். எளிதான இடத்துக்கு அழகான உவமை தேவையில்லை.

நான் பயன்படுத்தும் உவமை ஒன்றே ஒன்று. பேச்சு முழுக்க அதுவே வரும். ஏறக்குறைய இப்படிச் சொல்வேன்:

"ஒரு வாசல் இருக்குன்னு வச்சுக்குங்க. வாசல்ல இருந்து ரெண்டு சாலை பிரியுது. ஒண்ணு நேரா போகுது, இன்னொண்ணு வலப்பக்கம். ரெண்டும் ஒரே நீளம், ரெண்டுக்கும் கடைசியில ஒரு சுவர். நொடிக்கு ஒரு ஜோடி ஆள் வாசல்ல இருந்து கிளம்புறாங்க. ஒருத்தர் இந்தச் சாலையில, ஒருத்தர் அந்தச் சாலையில. எல்லாரும் ஒரே வேகம். யாரும் வேகத்தைக் கூட்டவும் மாட்டாங்க, குறைக்கவும் மாட்டாங்க. சுவரைத் தொட்டுட்டுத் திரும்பி வாசலுக்கு வருவாங்க. ஜோடியா போனவங்க எப்படி வருவாங்க?"

இங்கே நிறுத்திவிடுவேன். "ஜோடியாவே வருவாங்க" என்று அவர்களே சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது தகவல். அவர்கள் சொன்னால் அது அவர்களுடைய முடிவு, அடுத்த படிக்கு அதன் மேல் ஏறி நிற்கலாம். பிறகு கேட்பேன்: "இப்ப ஒரு சாலை கொஞ்சம் நீண்டுபோச்சு, இன்னொண்ணு கொஞ்சம் சுருங்கிப்போச்சு. என்ன ஆகும்?" ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார். "சாலையை யாராவது டேப் வச்சு அளந்தாங்களா?" இல்லை. "வாசல்ல நின்னவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" வருகிற நேரத்தை வைத்து. அவ்வளவுதான், லைகோவின் அடிப்படை வந்துவிட்டது. வாசலில் இருப்பது லேசர் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் கண்ணாடி. சாலைகள் ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர் நீளமுள்ள வெற்றிடக் குழாய்கள். சுவர்கள் 40 கிலோ எடையுள்ள, மெல்லிய கண்ணாடி இழைகளில் தொங்கவிடப்பட்ட ஆடிகள். நடப்பவர்கள் ஒளி அலையின் முகடுகள். இந்தப் பெயர்களை உவமை முடிந்த பிறகுதான் சொல்வேன். முன்னாலேயே சொன்னால், கேட்பவர் பெயர்களை நினைவில் பிடித்துவைப்பதிலேயே இருந்துவிடுவார். சாலையை மனதில் போட அவருக்கு இடம் இருக்காது.

இந்த உவமையை நான் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், அது எளிது என்பதல்ல. மிகக் கடினமான கேள்வி வரும்போதும் அது தாக்குப்பிடிக்கும். அந்தக் கேள்வியைக் கல்லூரியில் வணிகவியல் படிக்கும் ஒரு பெண் மிகத் தெளிவாகக் கேட்டார்.

"சார், ஒரு சந்தேகம். விண்வெளியே விரியுதுன்னு சொல்றீங்க. சாலை நீண்டா, சாலையில நடந்துக்கிட்டிருக்கிறவங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியும் சேர்ந்துதானே நீளும்? ஒளியும் அதோட சேர்ந்து இழுபடும்ல? அளவுகோலே நீண்டுபோச்சுன்னா அதை வச்சு எப்படி அளக்க முடியும்?"

இயற்பியல் மாணவர்களையே திணறவைக்கும் கேள்வி இது. இதைத் தட்டிக்கழித்தால் அதுவரை சொன்னதெல்லாம் வீண். "அதெல்லாம் கணக்கு பார்த்தா சரியா வரும்மா" என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கூர்மையாக யோசித்த ஒருவரைத்தான் அந்தப் பதில் வாயடைக்கும். சாலைக்குள்ளேயே நின்று இப்படிப் பதில் சொன்னேன்:

"நீங்க சொல்றது ஒரு கணத்துக்குச் சரிம்மா. சாலை சட்டுன்னு நீண்ட அந்த நொடியில, நடுவழியில இருக்கிறவங்களுக்கு இடையில இருக்கிற தூரமும் நீளும். அந்த நொடியில வாசல்ல நிக்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனா அதுக்கப்புறம் யோசிச்சுப் பாருங்க. நடக்கிறவங்க வேகம் மாறலை. வாசலை நெருங்கிட்டவருக்கு மிச்சம் இருக்கிற தூரம் கொஞ்சம்தான், அதனால அவருக்குத் தாமதமும் கொஞ்சம்தான். அவருக்குப் பின்னாடி வர்றவருக்கு மிச்சத் தூரம் அதிகம், தாமதமும் அதிகம். இனிமே கிளம்பப் போறவங்க? வாசல்ல கிளம்புற தாளம் மாறவே இல்லை, அது நொடிக்கு ஒரு ஜோடிதான். அவங்க நீண்ட சாலை முழுக்க நடந்தாகணும். முழுத் தாமதமும் அவங்களுக்கு வந்துடும்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அளவுகோல் ஒளியோட நீளம் இல்லை, கிளம்புற தாளம்" என்றார். அதேதான். இழுபட்ட ஒளி தொடர்ந்து வாசல் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது, அதன் இடத்துக்குப் புதிய ஒளி வந்துகொண்டே இருக்கிறது. 4 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சம் பங்கில் சுமார் 27 பங்குதான். ஈர்ப்பலையோ ஒரு முறை விரிந்து சுருங்கவே அதைப் போல நூறு மடங்குக்கும் மேல் நேரம் எடுத்துக்கொள்கிறது. அதனால் தாமதம் தெரிய நிறைய அவகாசம் இருக்கிறது.

இந்த இடத்தில் நான் கவனித்த ஒன்று உண்டு. உவமைக்குள் இருந்து ஒரு கேள்வி வந்தால், முடிந்தவரை உவமைக்குள் நின்றே பதில் சொல்ல வேண்டும். கேள்வி சாலையைப் பற்றி வரும்போது பதில் "அலைநீளம்", "கட்டம்" என்று தாவினால், கேட்பவர் தன் கேள்வி தவறு என்று நினைத்துக்கொள்வார். உவமைக்குள் பதில் இல்லை என்றால், அது உவமையின் எல்லை. அதை அப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

என் உவமைக்கும் அப்படி எல்லைகள் உண்டு. இரண்டை நானே முந்திக்கொண்டு சொல்வேன். ஒன்று, நடந்து வந்த இருவர் வாசலில் சந்தித்தால் இரண்டு பேர் இருப்பார்கள். ஆனால் இரண்டு ஒளி அலைகள் சந்தித்தால், ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் பொருந்தி இருட்டாகிவிட முடியும். லைகோவில் சாதாரண நேரத்தில் வெளியேறும் பக்கம் ஏறக்குறைய இருட்டாகவே இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். சாலைகளின் நீளம் மாறினால் அந்தப் பொருத்தம் குலைந்து, அங்கே வரும் ஒளியின் அளவு மாறும். நேர வித்தியாசத்தைக் கடிகாரம் பார்த்து அளப்பதில்லை, வெளிச்சத்தின் அளவைப் பார்த்து அளக்கிறார்கள். இரண்டாவது எல்லை, சாலை நீண்டால் அதன் மேல் நிற்பவருக்குக் காலடியில் இழுபடுவது தெரியும் என்று தோன்றும். வெளி விரியும்போது அப்படி உரசி இழுக்க எதுவும் இல்லை. இழையில் தொங்கும் ஆடிகளுக்கு இடையே உள்ள தூரம் மாறுகிறது, அவ்வளவுதான்.

எல்லைகளைச் சொன்னால் உவமை பலவீனமாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. எது வரை நம்பலாம் என்று தெரிந்த பிறகுதான் கேட்பவர்கள் அந்த உவமையை வைத்துத் தாங்களாகவே யோசிக்கத் துணிகிறார்கள்.

அடுத்து எண்கள். அந்த அலை உச்சத்தில் இருந்தபோது நீளம் மாறிய விகிதம் 10⁻²¹. காகிதத்தில் இது ஒரு சின்ன எண். காதில் விழும்போது, "பத்தின் அடுக்கு மைனஸ் இருபத்தொன்று" என்பதை யாராலும் பிடித்துக்கொள்ள முடியாது. இதை நான் உச்சரிப்பதே இல்லை. 4 கிலோமீட்டரில் அந்த விகிதத்தைக் கணக்கிட்டால், வித்தியாசம் ஒரு புரோட்டானின் அகலத்தில் சில நூறில் ஒரு பங்கு. புரோட்டான் என்பது அணுவின் கருவில் இருக்கும் துகள் என்று சொன்னாலும், அது பலருக்கு வெறும் சொல்லாகவே நின்றுவிடும். அதனால் அதே விகிதத்தை வேறொரு தூரத்துக்கு மாற்றிச் சொல்வேன். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் சுமார் 4.2 ஒளியாண்டு தொலைவில், அதாவது சுமார் 40 லட்சம் கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் இதே விகிதத்தில் மாற்றம் வந்தால் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரின் நூறில் 4 பங்கு. மெல்லிய தலைமுடி ஒன்றின் தடிமன் அளவுக்குத்தான் வரும்.

இந்த ஒப்பீட்டை எங்கோ கேட்டுவிட்டு அப்படியே சொல்வது ஆபத்து. தாளில் நீங்களே ஒரு முறை பெருக்கிப் பாருங்கள். லைகோவைப் பற்றி ஓரிடத்தில் "புரோட்டானில் ஆயிரத்தில் ஒரு பங்கு" என்றும், இன்னோரிடத்தில் "பத்தாயிரத்தில் ஒரு பங்கு" என்றும் படிக்கலாம். அவை ஒன்றையே சொல்லவில்லை. கருவியால் உணர முடிந்த மிகச் சிறிய மாற்றம் வேறு, அன்றைக்கு வந்த அலையின் உச்ச அளவு வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் எண்ணைச் சொன்னால், யாராவது ஒரு மறு கேள்வி கேட்டதும் பேச்சு நின்றுவிடும்.

இந்தச் சிறிய அளவைச் சொன்னதும் வரும் கேள்வியும் எனக்குப் பழகிவிட்டது. "ஆடியில இருக்கிற அணுவே அதைவிடப் பெருசாச்சே? மேடும் பள்ளமுமா இருக்கிற பரப்புல எங்க இருந்து அளப்பீங்க?" லேசர் கற்றை ஆடியின் மேல் சில சென்டிமீட்டர் அகலத்துக்குப் படுகிறது. எண்ணிலடங்காத அணுக்களின் சராசரி இடத்தைத்தான் அது உணர்கிறது. ஒவ்வோர் அணுவும் தன்னிச்சையாக அதிர்ந்தாலும், அத்தனையின் சராசரி அவ்வளவு அசையாது. இந்தப் பதில் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. தேர்வு மதிப்பெண்களின் சராசரி என்றால் என்னவென்று தெரிந்த எவருக்கும் இது புரியும்.

நான் வாயால் சொல்லும் எண்களில் கேட்பவர்கள் மிகவும் ரசிப்பது ஒரு கூட்டல் கணக்கு. "ஒரு கருந்துளை 36 சூரியன் எடை. இன்னொண்ணு 29. ரெண்டும் சேர்ந்தா?" 65 என்பார்கள். "சேர்ந்த பிறகு இருந்தது 62." ஒரு நிமிடம் அமைதி, பிறகு "மூணு எங்க போச்சு?" என்று அவர்களே கேட்பார்கள். அந்த மூன்று சூரியன்களின் நிறைதான் ஆற்றலாக மாறி அலையாகப் புறப்பட்டு, ஏறக்குறைய 130 கோடி ஆண்டுகள் பயணம் செய்து நம்மிடம் வந்தது. கேட்பவர் ஏதாவது செய்துபார்க்கக்கூடிய எண் மட்டுமே வாய்ப்பேச்சில் தங்கும். மற்ற எண்களைச் சொல்லாமல் விடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. தூரத்தை ஒளியாண்டில் சொல்வதைவிட, பயணம் செய்த ஆண்டுகளாகச் சொல்வது நல்லது. "ஒளியாண்டு" என்று காதில் விழுந்தால் அது காலமா தூரமா என்று குழப்பம் வந்துவிடுகிறது. நட்சத்திரத்தின் தூரத்தைக் கிலோமீட்டரிலும் சேர்த்துச் சொல்வது அதனால்தான்.

வாய்ப்பேச்சுக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு வசதியும் இந்த முடிவில் இருக்கிறது. அந்த அலை நொடிக்குச் சுமார் 35 அதிர்வில் தொடங்கி, 0.2 நொடிக்குள் சுமார் 250 வரை ஏறியது. அது மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வருகிறது. அதனால் தாழ்ந்த குரலில் தொடங்கி, சட்டென்று மேலேற்றி, அறுத்தாற்போல நிறுத்திக் காட்டுவேன்: "ஊஊ-விப்!" இரண்டு பொருள்கள் நெருங்க நெருங்க வேகமாகச் சுற்றுகின்றன, அதனால் சுருதி ஏறுகிறது; மோதி ஒன்றானதும் நின்றுபோகிறது. வரைபடம் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் விஷயம் அந்தக் குரலில் வந்துவிடும். ஆனால் உடனே ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: விண்வெளியில் இருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. சாலைகளின் நீளம் மாறிய தாளத்தை ஒலியாக மாற்றினால் இப்படிக் கேட்கும். இதைச் சொல்லாமல் விட்டால், "கருந்துளை மோதின சத்தம் பூமிக்குக் கேட்டுச்சாம்" என்ற செய்தியாகத்தான் அது வெளியே போகும்.

கடைசியாக, இது நிஜம்தான் என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி. பக்கத்துச் சாலையில் லாரி போனாலும், தூரத்தில் நிலம் அதிர்ந்தாலும் ஆடி அசையாதா? அசையும். அதனால்தான் இரண்டு நிலையங்கள், இடையே சுமார் 3,000 கிலோமீட்டர். ஓரிடத்து லாரி இன்னோரிடத்து ஆடியை அசைக்காது. ஈர்ப்பலை ஒளியின் வேகத்தில் வருவதால், ஒரு நிலையத்தைத் தொட்டு இன்னொன்றைத் தொட அதிகபட்சம் நொடியின் ஆயிரத்தில் 10 பங்கு நேரம்தான் ஆகலாம். அன்றைக்கு லிவிங்ஸ்டனில் முதலில் வந்தது, ஏறக்குறைய ஆயிரத்தில் 7 பங்கு நேரம் கழித்து ஹான்ஃபோர்டில் அதே வடிவில் வந்தது. இதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்த வாக்கியத்தில்தான் சிக்கல். தற்செயலாக இப்படி ஒரு பொருத்தம் அமைவது 2 லட்சம் ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கும் குறைவு என்று ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் நான் இதைச் சொன்னதும் கையை உயர்த்தினார். "தம்பி, இவங்க எத்தனை நாள் பதிவை வச்சு இதைச் சொன்னாங்க?" இரண்டு நிலையங்களும் சேர்ந்து இயங்கிய 16 நாள் பதிவு என்றேன். "பதினாறு நாள் கணக்கைப் பார்த்துட்டு ரெண்டு லட்சம் வருஷத்துக்கு எப்படிய்யா உத்தரவாதம் கொடுக்கிறது?"

இதற்கும் சாலையை விட்டு இறங்கத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். "ஐயா, ரெண்டு ஊர் வாசல்லயும் ஒரு பதிவேடு இருக்கு. எந்த நேரத்துல எவ்வளவு முந்தினாங்க, பிந்தினாங்கன்னு எழுதுறாங்க. ரெண்டு ஏட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒரே நேரத்துல ஒரே மாதிரிப் பதிவு இருக்கான்னு தேடுறோம். இப்ப ஒரு ஏட்டை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறேன். அந்த ஆயிரத்துல பத்து பங்குக்கு மேல நகர்த்திட்டேன்னா, அதுல கிடைக்கிற எந்தப் பொருத்தமும் ஒரே அலையால வந்திருக்க முடியாது, சரிதானே?"

"ஆமா. நேரம் ஒத்து வராதே."

"அப்ப அதுல கிடைக்கிறது எல்லாம் தற்செயல். அதை எண்ணி வச்சுக்கிறேன். மறுபடி இன்னும் கொஞ்சம் நகர்த்துறேன், மறுபடி எண்ணுறேன். ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் இன்னொரு பதினாறு நாள் தற்செயல் கணக்கு கிடைக்குது. கம்ப்யூட்டர் இதை லட்சக்கணக்கான தடவை செய்யுது. அத்தனை பதினாறு நாளையும் கூட்டினா ரெண்டு லட்சம் வருஷத்துக்கும் மேல வந்துடும். அவ்வளவையும் தேடியும் அன்னைக்கு வந்த மாதிரி வலுவான பொருத்தம் ஒண்ணுகூடக் கிடைக்கலை."

அவர் விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். "அதாவது ஆண்டுக்கணக்கு அவங்க காத்திருந்த காலம் இல்லை. ஏட்டைப் புரட்டிப் புரட்டித் தப்பு வருதான்னு சோதிச்ச தடவைகளோட மொத்தம்" என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவருக்கு அதைத் தன் சொல்லில், இரண்டு பேரேடுகளை வைத்துத் திரும்ப விளக்க ஆரம்பித்தார். அவர் விளக்கத்தில் ஓரிடத்தில் நகர்த்தும் அளவை ஒரு நாள் என்று சொன்னார். ஒரு நாள் தேவையில்லை, அந்தச் சின்ன நேரத்தைத் தாண்டினாலே போதும், அதனால்தான் இத்தனை தடவை நகர்த்த இடம் இருக்கிறது என்று மட்டும் சேர்த்துக்கொடுத்தேன். இப்போது அந்த வாக்கியத்தை என் விளக்கத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன்.